‘என்ன வேண்டும்?’ என்று கேட்டால் போதுமா? தேவைக் கணக்கெடுப்பில் விடுபடும் குடும்பங்கள்

இந்தியர் சமூக உருமாற்றப் பிரிவான மித்ரா, 2018-ல் செடிக் என்ற பழைய பெயரை மாற்றிக்கொண்டது. அதன் பிறகு ஆண்டுதோறும் அதற்கு ஒதுக்கப்படும் 100 மில்லியன் ரிங்கிட் எங்கே போகிறது என்ற கேள்வி ஓயவில்லை. பணம் யாருக்குக் கிடைத்தது, கணக்கு சரியாகக் காட்டப்பட்டதா என்றே விவாதம் பெரும்பாலும் நடக்கிறது. அந்தப் பணத்தில் நடந்த திட்டம் அந்த வட்டாரத்துக்குத் தேவைப்பட்டதுதானா என்ற கேள்வி அவ்வளவாக எழுவதில்லை.

மானியம் கேட்டு விண்ணப்பிக்கும் எந்த இயக்கமும் ‘இத்திட்டம் ஏன் தேவை?’ என்ற கேள்விக்குப் பதில் எழுதித்தான் ஆக வேண்டும். பல இயக்கங்கள் அங்கே எழுதுவது ஏறக்குறைய ஒன்றுதான்: ‘எங்கள் வட்டார மக்களிடம் கருத்துக் கேட்டோம், பெரும்பான்மையினர் விரும்பினர்.’ கோவில் திருவிழாவில் கொடுத்த பாரமோ, புலனத்தில் அனுப்பிய பத்துக் கேள்விகளோ அதற்குச் சான்றாக இணைக்கப்படுகின்றன. பிறகு டியூஷன் வகுப்பு, தையல் பயிற்சி, பள்ளித் தொடக்க உதவி என்று பழகிய திட்டங்களே மீண்டும் வருகின்றன.

இவற்றில் எதுவும் கெட்ட திட்டமல்ல. சிக்கல் கணக்கெடுப்பு நடந்த விதத்தில் இருக்கிறது. விருப்பத்தைக் கேட்டு வாங்கிய பட்டியலைத் தேவை என்று எடுத்துக்கொண்டால், அதிகம் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் அந்தப் பட்டியலில் இடம்பெறாமலேயே போய்விடும்.

தேவை என்பது ஓர் இடைவெளி

சமூகத் திட்டமிடலில் தேவை என்ற சொல்லுக்கு எளிய பொருள் உண்டு. இப்போது இருக்கும் நிலைக்கும் இருக்க வேண்டிய நிலைக்கும் நடுவில் உள்ள இடைவெளியே தேவை. அந்த இடைவெளியை அடைக்க நாம் எடுக்கும் வழிதான் திட்டம். இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன.

‘எங்கள் பிள்ளைகளுக்கு டியூஷன் தேவை’ என்ற வாக்கியத்தைப் பாருங்கள். அது தேவையைச் சொல்லவில்லை, தீர்வைச் சொல்கிறது. ‘இந்த வட்டாரத்தில் முதலாம் படிவத்தில் சேர்ந்த பிள்ளைகளில் சிலர் எஸ்.பி.எம். எழுதும் முன்பே பள்ளியை விட்டு நிற்கிறார்கள்’ என்பது தேவையைச் சொல்லும் வாக்கியம். எஸ்.பி.எம். சான்றிதழ் கிடைக்க மலாய்மொழியில் தேர்ச்சி வேண்டும். 2013-லிருந்து வரலாற்றுப் பாடத்திலும் தேர்ச்சி கட்டாயம். தமிழ்ப்பள்ளியிலிருந்து புகுமுக வகுப்புக்குப் போகும் பிள்ளை தொடக்கத்திலேயே ஓராண்டு பின்தங்குகிறது. பள்ளியை விட்டு நிற்பதற்கு இது ஒரு காரணமாக இருக்கலாம். பள்ளி வேன் கட்டணம் காரணமாக இருக்கலாம். வீட்டில் தம்பி தங்கையைப் பார்த்துக்கொள்ள ஆளில்லாததும் காரணமாக இருக்கலாம். முதல் காரணத்துக்கு டியூஷன் ஓரளவு உதவும். மற்ற இரண்டுக்கும் அதனால் ஒரு பயனும் இல்லை.

ஆகவே கணக்கெடுப்புக் குழு முதலில் செய்ய வேண்டியது, தேவையைத் திட்டத்தின் பெயர் கலக்காமல் ஒரே வாக்கியத்தில் எழுதுவது. யாருக்கு, எந்த வயதில், எந்த இடத்தில், என்ன குறை என்பது அந்த வாக்கியத்தில் இருக்க வேண்டும். எழுத முடியவில்லை என்றால், குழு இன்னும் திட்டத்தைத்தான் யோசித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ஒரே ஊரில் நான்கு வகைத் தேவை

பிரிட்டனைச் சேர்ந்த சமூகக் கொள்கை அறிஞர் ஜோனதன் பிராட்ஷா 1972-ல் தேவையை நான்கு வகையாகப் பிரித்துக் காட்டினார். இன்றும் இத்துறையில் இருப்பவர்கள் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். நீரிழிவு நோயாளிகளை எடுத்துக்கொண்டால் இந்தப் பிரிவு எளிதில் விளங்கும்.

நீரிழிவு உள்ளவர் குறித்த நாளில் கிளினிக்குக்குப் போய் இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று மருத்துவர்கள் ஓர் அளவுகோல் வைத்திருக்கிறார்கள். அதை எட்டாதவர்களுக்குத் தேவை இருக்கிறது. இது வல்லுநர் சொல்லும் தேவை. அதே நோயாளியிடம் என்ன குறை என்று கேட்டால், ‘முட்டி வலிக்குது, அதுக்கு ஏதாச்சும் செய்யுங்க’ என்பார். அது அவர் உணரும் தேவை. கிளினிக்கில் பெயர் பதிந்துவிட்டு வரிசையில் காத்திருப்பவர்கள் காட்டுவது செயலில் வெளிப்படும் தேவை. பக்கத்துத் தாமானில் உள்ளவர்கள் ஒழுங்காகப் பரிசோதனைக்குப் போகும்போது இந்தத் தோட்டத்தில் உள்ளவர்கள் போகாமல் இருப்பது, ஒப்பிட்டுப் பார்த்தால் தெரியும் தேவை.

நம் இயக்கங்கள் நடத்தும் கருத்துக் கேட்பில் பெரும்பாலும் இரண்டாவது வகை மட்டுமே பிடிபடுகிறது. மக்கள் உணர்வதைக் கேட்பது அவசியம்தான். ஆனால் நீண்ட நாள் பழகிப்போன குறையை யாரும் குறையென்று சொல்ல மாட்டார்கள். வெட்கப்பட வைக்கும் குறையையும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அதனால் மற்ற மூன்று வகைகளையும் வேறு வழிகளில் தேட வேண்டியிருக்கிறது.

வீடு வீடாகப் போவதற்கு முன்பே அந்தத் தேடல் தொடங்கலாம். 2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்ட அளவிலான விவரங்களைப் புள்ளிவிவரத் துறை வெளியிட்டிருக்கிறது. தமிழ்ப்பள்ளித் தலைமையாசிரியரிடம் பெயர்ப் பட்டியல் கேட்கக் கூடாது. ஆறாம் ஆண்டை முடித்த மாணவர் எத்தனை பேர், அவர்கள் எந்த இடைநிலைப்பள்ளிகளுக்குப் போனார்கள் என்று எண்ணிக்கையாகக் கேட்கலாம். அரசின் ஏழ்மைத் தரவுத்தளமான இகாசியின் பெயர்ப் பட்டியல் இயக்கங்களின் கைக்கு வராது. ஆனால் வீட்டுக்குப் போகும்போது, ‘இகாசியில் பதிந்திருக்கிறீர்களா?’ என்று கேட்கலாம். 2024 ஜனவரி முதல் மார்ச் வரை நடந்த பாடு பதிவில் விவரத்தைப் புதுப்பித்தார்களா என்றும் கேட்கலாம். இரண்டிலும் இல்லாத வீடுகள் எத்தனை என்பதே ஒரு முக்கியமான கண்டுபிடிப்பாக இருக்கும்.

180 வீடுகள்: ஒரு மாதிரிக் கணக்கு

இனி வருவது எந்தவொரு குறிப்பிட்ட ஊரின் கணக்கும் அல்ல, முறையை விளக்குவதற்காக அமைத்த மாதிரி. தோட்டம் துண்டாடப்பட்டபோது இடம்பெயர்ந்த 120 குடும்பங்கள் ஒரு தாமானின் தரைவீடுகளில் இருக்கின்றன. அருகில் மிச்சமிருக்கும் தோட்ட லயத்தில் இன்னும் 60 குடும்பங்கள். மொத்தம் 180 வீடுகள்.

இவ்வளவு சிறிய இடத்தில் சிலரை மட்டும் மாதிரியாகத் தேர்ந்தெடுத்துக் கேட்க வேண்டியதில்லை. எல்லா வீடுகளுக்கும் போய்விடலாம். இரண்டிரண்டு பேராக ஐந்து குழுக்கள் இருந்தால் மூன்று வார இறுதிகளில் முடித்துவிடலாம். ஆயிரக்கணக்கான வீடுகள் உள்ள அடுக்குமாடி என்றால்தான் மாதிரி எடுக்க வேண்டும். அப்போதும் ஒவ்வொரு புளோக்கிலும் இத்தனையாவது வீடு என்று முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டும். கதவு திறந்திருக்கும் வீட்டை மட்டும் தட்டிவிட்டு வரக் கூடாது.

மூன்று வாரம் கழித்து 162 வீடுகளில் பதில் கிடைத்திருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். 180-ல் 162 என்றால் 90 விழுக்காடு. பல குழுக்கள் இந்த இடத்தில் மகிழ்ச்சியோடு கணக்கை முடித்துவிடும். ஆனால் பதில் தராத 18 வீடுகள் எவை என்று பார்க்க வேண்டும். அவற்றில் 15 லயத்தில் இருக்கின்றன, 3 தாமானில் இருக்கின்றன. அதாவது தாமானில் ஏறக்குறைய எல்லோரும் பேசிவிட்டார்கள், லயத்தில் நான்கில் ஒரு வீடு பேசவில்லை. 90 என்ற நல்ல எண் இந்த ஓட்டையை மறைத்துவிடுகிறது.

அந்த 15 வீடுகளில் ஆளில்லாததற்குக் காரணம் எளிது. கணவன் மனைவி இருவருமே ஷிப்டு வேலைக்குப் போகிறார்கள், அல்லது வார இறுதியிலும் வேறு வேலை செய்கிறார்கள். ஒரு ஞாயிறு இரவு எட்டு மணிக்கு மேல் குழு மறுபடி போகிறது. விடுபட்ட 18-ல் 12 வீடுகளில் பதில் கிடைக்கிறது. இப்போது மொத்தம் 174.

முதல் 162 வீடுகளில், பள்ளி வயதுப் பிள்ளை படிப்பை விட்டு நின்ற வீடுகள் 14. பின்னர் பிடித்த 12 வீடுகளில் மட்டும் அப்படிப்பட்டவை 4. அதாவது எளிதில் கிடைத்த வீடுகளில் பன்னிரண்டுக்கு ஒன்றுதான், சிரமப்பட்டுத் தேடிய வீடுகளில் மூன்றுக்கு ஒன்று. மாதிரிக் கணக்காக இருந்தாலும், இத்தகைய கணக்கெடுப்பில் இந்தப் போக்கை அடிக்கடி எதிர்பார்க்கலாம். வீட்டில் ஆளில்லாமல் போவதற்கும் பிள்ளை பள்ளிக்குப் போகாமல் இருப்பதற்கும் காரணம் பல நேரங்களில் ஒன்றேதான். எனவே எத்தனை பேர் பதில் சொன்னார்கள் என்பதோடு, பதில் சொல்லாதவர்கள் யார் என்பதையும் அறிக்கையில் எழுத வேண்டும். கோவிலில் கொடுத்த பாரத்திலும் புலனத்தில் வந்த பதில்களிலும் இந்த இரண்டாவது விவரம் கிடைக்கவே கிடைக்காது.

கேள்வியை எப்படிக் கேட்பது

‘உங்கள் பிள்ளைக்கு இலவச டியூஷன் வேண்டுமா?’ என்று கேட்டால் வேண்டாம் என்பவர் யார்? இலவசமாக வருவதை மறுப்பது மரியாதைக் குறைவு என்று நினைப்பவர்களும் உண்டு. கேட்பவர் கோவில் தலைவரின் மகனாக இருந்தால் ‘ஆமாம்’ இன்னும் வேகமாக வரும். விருப்பக் கேள்வியைவிட நிலைமைக் கேள்வியே உண்மையைக் கொண்டுவரும். அதிலும் கால அளவு இருக்க வேண்டும்.

‘தம்பி படிக்கிறானா அக்கா?’

‘ஆமா, ஃபாரம் த்ரீ.’

கேட்பவர் அதோடு நிறுத்தினால் பாரத்தில் ‘படிக்கிறார்’ என்றுதான் பதிவாகும். அடுத்த கேள்வி அதை மாற்றிவிடும்.

‘போன வாரம் எத்தனை நாள் ஸ்கூலுக்குப் போனான்?’

‘போன வாரம் போகல... பேரு ஸ்கூல்ல இருக்கு. இப்ப கார் வாஷ்ல நிக்கிறான்.’

பள்ளிப் பதிவேட்டில் பெயர் இருப்பதும் பள்ளிக்குப் போவதும் வேறு வேறு. ‘படிக்கிறானா’ என்ற கேள்வி முதலாவதைத்தான் பிடிக்கும். ‘போன வாரம் எத்தனை நாள்’ என்ற கேள்வி இரண்டாவதைப் பிடிக்கும். அதே மாதிரி, ‘உடல்நலப் பிரச்சினை இருக்கிறதா?’ என்று பொதுவாகக் கேட்பதைவிட, ‘கடந்த 12 மாதங்களில் கிளினிக் அப்பாயின்மென்டைத் தவறவிட்டது உண்டா, ஏன்?’ என்று கேட்பது நல்லது. ‘ஆவணப் பிரச்சினை உண்டா?’ என்பதைவிட, ‘வீட்டில் 12 வயதைத் தாண்டிய எல்லோர் கையிலும் மைகார்டு இருக்கிறதா?’ என்று கேட்பது நல்லது.

மைகார்டு இருக்கிறதா என்று கேட்கலாம், அதன் எண்ணைக் கேட்கக் கூடாது. திட்டமிடுவதற்கு அந்த எண் எதற்கும் பயன்படாது. தொலைபேசியில் ஏமாற்றுவோர் பெருகிய இந்நாளில் எண்ணைக் கேட்டவுடன் கதவு மூடிவிடும். ஏதோ கட்சிக்கு ஆள் சேர்க்கிறார்கள் என்ற சந்தேகமும் வரும். வீட்டுக்கு ஒரு வரிசை எண் கொடுத்து, பாரத்தில் அதை மட்டும் எழுதினால் போதும். உதவி கேட்பவர்களின் பெயரும் தொலைபேசி எண்ணும் தனித்தாளில், அவர்கள் சம்மதித்தால் மட்டும், எழுதப்பட வேண்டும்.

கேள்வித்தாளை முதலில் பத்து வீடுகளில் சோதித்துப் பார்ப்பது நல்லது. எந்தக் கேள்விக்கு எல்லோரும் ஒரே பதில் சொல்கிறார்கள், எந்தக் கேள்வியில் தயங்கி நிறுத்துகிறார்கள் என்பது அப்போதே தெரிந்துவிடும். எல்லோரும் ‘ஆமாம்’ சொல்லும் கேள்வியால் எதையும் அறிய முடியாது, அதை எடுத்துவிடலாம். தயங்கும் கேள்வியை எடுக்க வேண்டாம். அதைப் பெண்களிடம் பெண்ணே கேட்கும்படி மாற்றலாம், அல்லது கடைசிக்குத் தள்ளலாம்.

வாக்குக்கு ஓர் ஒழுங்கு, நிலைமைக்கு வேறோர் ஒழுங்கு

நமது மாதிரிக் கணக்கில் 174 வீடுகளிலும் இரண்டு விதமாகவும் கேட்டிருக்கிறார்கள். ‘எந்தத் திட்டம் வேண்டும்?’ என்ற கேள்விக்கு டியூஷன் என்றவர்கள் 131 வீட்டார். ஆவண உதவி என்று குறியிட்டவர்கள் 3 வீட்டார் மட்டும்.

நிலைமைக் கேள்விகளின் விடைகள் வேறு கதை சொல்கின்றன. தொடக்கப்பள்ளிப் பிள்ளை பாடத்தில் பின்தங்கியிருப்பதாகச் சொன்ன வீடுகள் 70. நீரிழிவு அல்லது இரத்த அழுத்தம் உள்ளவர் கிளினிக் அப்பாயின்மென்டைத் தவறவிட்ட வீடுகள் 41. பள்ளி வயதுப் பிள்ளை படிப்பை விட்டு நின்ற வீடுகள் 18. பிறப்புப் பத்திரமோ மைகார்டோ இல்லாத ஒருவராவது இருக்கும் வீடுகள் 7. அந்த ஏழில் நான்கு வீட்டார், ஆவண உதவி வேண்டும் என்று முதல் கேள்வியில் குறியிடவே இல்லை. வெட்கம் ஒரு காரணம். இதற்கெல்லாம் ஓர் இயக்கத்தால் என்ன செய்ய முடியும் என்ற நம்பிக்கையின்மை இன்னொரு காரணம்.

வாக்கெண்ணிக்கையை வைத்து முடிவெடுத்தால் டியூஷன்தான் முதலில் வரும். பலருக்குக் கொஞ்சம் தொல்லை தரும் குறையும், சிலருடைய வாழ்க்கையையே முடக்கும் குறையும் வாக்கில் ஒரே எடை பெறுகின்றன. இதைச் சரிசெய்யப் பொதுச் சுகாதாரத் துறையில் ஹான்லன் முறை என்ற ஒன்று நெடுங்காலமாகப் பயன்படுகிறது. ஒவ்வொரு குறைக்கும் மூன்று மதிப்பெண்கள், ஒவ்வொன்றும் 10-க்கு. எத்தனை பேரைப் பாதிக்கிறது என்பது அளவு. எவ்வளவு மோசமாகப் பாதிக்கிறது என்பது கடுமை. நம்மிடம் உள்ள வழிகளால் எவ்வளவு தீர்க்க முடியும் என்பது பலன். கணக்கு இதுதான்:

(அளவு + 2 × கடுமை) × பலன்

கடுமை இரண்டால் பெருக்கப்படுவதைக் கவனிக்க வேண்டும். ஆள் எண்ணிக்கையைவிடப் பாதிப்பின் ஆழத்துக்கு இந்த முறை இரு மடங்கு எடை தருகிறது. பலன் மொத்தத்தையும் பெருக்குவதால், தீர்க்க வழியே இல்லாத குறை எவ்வளவு பெரிதாக இருந்தாலும் கீழே இறங்கிவிடும்.

மாதிரிக் கணக்கில், பாடத்தில் பின்தங்குவதற்கு அளவு 10, கடுமை 5, பலன் 5. கணக்குப் போட்டால் 100. கிளினிக்கைத் தவறவிடுவதற்கு அளவு 8, கடுமை 8, பலன் 7. அது 168. பள்ளியை விட்டு நிற்பதற்கு அளவு 7, கடுமை 9, பலன் 6. அது 150. ஆவணமின்மைக்கு அளவு 5, கடுமை 10, பலன் 6. அதுவும் 150. வாக்கில் முதலில் வந்தது இங்கே கடைசிக்குப் போகிறது. மூன்றே பேர் கேட்டது நடுவில் வந்து நிற்கிறது.

மதிப்பெண் இறுதித் தீர்ப்பல்ல

எண்ணில் வந்துவிட்டால் அது அறிவியல் ஆகிவிடாது. அளவு மட்டும்தான் கணக்கெடுப்பிலிருந்து நேராக வருகிறது. கடுமையும் பலனும் குழுவினரின் மதிப்பீடு. ஆவணமின்மைக்குப் பலன் 6 என்று போட்டதை 7 ஆக்கிப் பாருங்கள். அது 175 ஆகி முதலிடத்துக்கு வந்துவிடும். ஒரே மதிப்பெண் வரிசையைப் புரட்டுகிறது என்றால், அந்த மூன்று குறைகளும் ஏறக்குறைய சமம் என்றே எடுத்துக்கொள்ள வேண்டும். 100 பெற்றது மட்டும் தெளிவாகப் பின்னால் இருக்கிறது.

இதனால் மதிப்பெண் போடும் விதம் முக்கியமாகிறது. ஐந்தாறு பேர் தனித்தனியாக, ஒருவர் தாளை மற்றவர் பாராமல், முதலில் எழுத வேண்டும். தலைவர் முதலில் சொல்லிவிட்டால் மற்றவர்கள் அதையே சொல்வார்கள். எழுதி முடித்த பின் ஒப்பிட்டு, மூன்று மதிப்பெண்ணுக்கு மேல் வேறுபடும் இடத்தில் மட்டும் பேசினால் போதும். அந்த ஐந்தாறு பேரில் லயத்திலிருந்து இருவராவது இருக்க வேண்டும். நிர்வாக உறுப்பினர்கள் மட்டும் உட்கார்ந்து போட்டால், மறுபடி நிர்வாகத்தின் விருப்பமே எண் உடுத்தி வரும்.

பலன் மதிப்பெண் போடுவதற்கு அந்தக் குறையின் காரணம் தெரிய வேண்டும். ஏழு வீடுகளின் ஆவணச் சிக்கலும் ஒரே வகையானது அல்ல. பிறப்பை 60 நாட்களுக்குள் பதியாமல் விட்டிருந்தால் அது தாமதப் பதிவு. தேசியப் பதிவிலாகாவில் உரிய சாட்சிகளோடும் பத்திரங்களோடும் விண்ணப்பிக்க வேண்டும். சிரமமான வேலைதான், ஆனால் வழி தெளிவாக இருக்கிறது. தாய் வெளிநாட்டவராக இருந்து, கோவிலில் தாலி கட்டியதோடு திருமணத்தைப் பதியாமல் விட்டிருந்தால் நிலைமை வேறு. தந்தை மலேசியராக இருந்தும் பிள்ளைக்குக் குடியுரிமை தானாகக் கிடைக்காமல் போகிறது. அப்போது அரசியலமைப்பின் 15ஏ பிரிவின்கீழ் உள்துறை அமைச்சுக்கு விண்ணப்பிக்க வேண்டும். முடிவு வரப் பல ஆண்டுகள் ஆகலாம், வந்தாலும் சாதகமாக இருக்கும் என்ற உறுதி இல்லை. முதல் வகைக்குப் பலன் 8 போடலாம், இரண்டாவதுக்கு 3-க்கு மேல் போடுவது கடினம். இரண்டையும் ஒரே வரியில் அடைத்தால் கிடைக்கும் 6 யாருக்கும் பொருந்தாத எண். பிரித்து எழுதினால் முதல் வகை வரிசையில் மேலேறும். இரண்டாவது வகைக் குடும்பங்களுக்கு இயக்கத்தைவிடச் சட்ட உதவியே தேவை என்பதும் தெரியவரும்.

காரணம் தெரிந்தால் செலவு குறையும்

கிளினிக்கைத் தவறவிட்ட 41 வீடுகளுக்கு ஒரு வேன் ஏற்பாடு செய்யலாம் என்பதே யாருக்கும் முதலில் தோன்றும். வேன், ஓட்டுநர், எண்ணெய் என்று மானியத்தின் பெரும்பகுதி அதற்கே போய்விடும். அதற்கு முன் ‘ஏன்’ என்ற கேள்விக்குக் கிடைத்த பதில்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும். போக வண்டியில்லை என்றவர்கள் எத்தனை பேர்? போனால் அரை நாள் சம்பளம் போகும் என்றவர்கள் எத்தனை பேர்? மருந்து வாங்க மட்டும் அவ்வளவு நேரம் காத்திருக்க முடியவில்லை என்றவர்கள் எத்தனை பேர்?

கடைசி வகையினருக்கு வேன் வேண்டியதே இல்லை. தொடர் மருந்தைத் தபாலில் பெறும் வசதியும், வீட்டுக்கோ வேலையிடத்துக்கோ அருகிலுள்ள வேறொரு அரசு மருந்தகத்தில் பெற்றுக்கொள்ளும் வசதியும் சுகாதார அமைச்சில் ஏற்கெனவே உண்டு. அதற்குப் பெயர் பதிந்து கொடுக்க ஓர் ஆளும் ஒரு மேசையும் போதும். ஆனால் இதனால் மருந்து மட்டும்தான் கிடைக்கும், இரத்தப் பரிசோதனைக்கு நேரில் போய்த்தான் ஆக வேண்டும். வண்டியில்லாத முதியோருக்கு மட்டும் வாகன ஏற்பாடு என்று சுருக்கினால், 41 வீட்டுத் திட்டம் பத்துப் பன்னிரண்டு வீட்டுத் திட்டமாகி, செய்யக்கூடியதாகிறது.

வரிசைப்படுத்திய பிறகு ஹான்லன் முறையில் இன்னொரு சல்லடையும் உண்டு. ஒவ்வொரு திட்டத்துக்கும் ஐந்து கேள்விகள்: இது நாம் செய்ய வேண்டிய வேலையா? செலவுக்கு ஏற்ற பயன் உண்டா? மக்கள் ஏற்பார்களா? ஆளும் வசதியும் இருக்கிறதா? சட்டம் இடம் கொடுக்கிறதா? ஏதாவது ஒன்றுக்கு ‘இல்லை’ என்றால் திட்டத்தை மாற்ற வேண்டும், அல்லது கைவிட வேண்டும். வேன் திட்டத்தில் ஐந்தாவது கேள்விதான் இடறும். கட்டணம் வாங்கி ஆளேற்ற உரிமம் வேண்டும். பள்ளியை விட்ட பிள்ளைகளை மீட்கும் திட்டத்தில் மூன்றாவது கேள்வி இடறும். கார் வாஷில் சம்பாதிக்கும் பையனின் பணம் வீட்டு வாடகைக்குப் போகிறது என்றால், ‘பள்ளிக்கு அனுப்புங்கள்’ என்பதை மட்டும் சொல்லும் திட்டத்தை அந்தத் தாய் ஏற்க மாட்டார்.

முடிவை மக்களிடம் திரும்பக் கொண்டுபோதல்

131 வீட்டார் டியூஷன் கேட்டார்கள். அறிக்கையில் அது கடைசியில் வந்திருக்கிறது. இதைச் சொல்லாமல் வேறு திட்டத்தைத் தொடங்கினால், ‘எங்களிடம் கேட்டார்கள், பிறகு அவர்கள் நினைத்ததைச் செய்தார்கள்’ என்ற பேச்சுதான் மிஞ்சும். அடுத்த முறை கதவு திறக்காது. எனவே வரிசையை இறுதி செய்வதற்கு முன் தாமானில் ஒரு கூட்டமும் லயத்தில் ஒரு கூட்டமும் நடத்தி, எண்களை வெளிப்படையாக வைக்க வேண்டும். ஆவணமில்லாத வீடுகள் ஏழு என்று சொல்லலாம். எந்த வீடுகள் என்று தெரியும்படி எதையும் சொல்லக் கூடாது. சிறிய இடத்தில் ‘மூன்றாம் வரிசையில் ஒரு வீடு’ என்றாலே எல்லோருக்கும் புரிந்துவிடும்.

அந்தக் கூட்டத்தில் வரிசை மாறவும் கூடும். டியூஷன் கேட்ட தாய்மார்களில் பலர் உண்மையில் கேட்டது பாடத்தை அல்ல, தாங்கள் ஷிப்டு முடிந்து வரும்வரை பிள்ளைகள் இருக்கப் பாதுகாப்பான ஓர் இடத்தை என்று தெரியவரலாம். அது கணக்கெடுப்பில் கேட்கப்படாத தேவை. அப்படி ஒன்று வந்தால், அது எத்தனை வீடுகளில் இருக்கிறது என்று மறுபடி கேட்டு, மற்றவற்றைப் போலவே மதிப்பெண் போட்டு வரிசையில் சேர்க்க வேண்டும்.

மானியம் தருவோர் இதையெல்லாம் பெரிய ஆய்வறிக்கையாகக் கேட்க வேண்டியதில்லை. திட்டத்தின் பெயர் கலக்காத ஒரு தேவை வாக்கியம், எத்தனை வீடுகளில் கேட்டீர்கள், எந்த வீடுகள் விடுபட்டன, எதை ஏன் பின்னுக்குத் தள்ளினீர்கள் என்ற நான்கு விடைகளை விண்ணப்பத்தில் கட்டாயமாக்கினாலே போதும். உண்மையாகவே வீடு வீடாகப் போன இயக்கம் அரைப் பக்கத்தில் எழுதிவிடும். போகாத இயக்கம் மூன்றாவது கேள்வியிலேயே நின்றுவிடும்.